நேரடி முறை, மறைமுக முறை: ஒரே பனியன் கம்பெனிக்கு இரண்டு கேஷ் ஃப்ளோவும் போட்டு, பேங்க் எதை எங்கே பார்க்கிறது என்று புரிந்துகொள்ள முழு வழிகாட்டி

திருப்பூரில் சிறு, நடுத்தர பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு முடித்து, சி.சி. என்கிற கேஷ் கிரெடிட் கடனின் லிமிட்டைப் புதுப்பிக்க பேங்குக்கு ஃபைல் தயார் செய்வது என் வேலை. ஒரு வருடம் கணக்கை முடித்துக் கையெழுத்துக்கு வைத்தபோது ஒரு முதலாளி கேட்டார்: "ஏனுங்க, லாபம் நாப்பது லட்சம்னு காட்டறீங்க, சி.சி. மட்டும் ஏறிக்கிட்டே போகுது, பணமெல்லாம் எங்கீங்க போச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் மறைமுக முறையில் இருக்கிறது. ஆனால் பேங்க் மேனேஜர் கேட்பது வேறு கேள்வி: "எங்க வட்டியும் தவணையும் எந்தப் பணத்துல இருந்து வந்துச்சு?" அதற்கு நேரடி முறை வேண்டும். இரண்டையும் அந்தக் கம்பெனியின் கணக்கை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். எண்களை முழு லட்சமாக்கி, அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வருடம் 2024-25, பார்ட்னர்ஷிப் ஃபர்ம்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

இந்த வருடத்து லாப நட்டக் கணக்கு, இந்த வருடமும் போன வருடமும் ஆக இரண்டு பேலன்ஸ் ஷீட். இவை மூன்றும் எல்லோரிடமும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இந்த மூன்றோடு ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடுவார்கள், ஏனென்றால் பேலன்ஸ் ஷீட்டில் வித்தியாசம் மட்டும்தான் தெரியும், அந்த வித்தியாசத்துக்குள் என்ன நடந்தது என்று தெரியாது.

அதனால் இன்னும் சிலவற்றை எடுத்து வையுங்கள்: மெஷின் லெட்ஜர் (வாங்கியது, விற்றது, தேய்மானம் தனித்தனியாக), டெர்ம் லோன் ஸ்டேட்மென்ட், சி.சி. கணக்கின் பன்னிரண்டு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், முதலாளிகளின் கேபிடல் லெட்ஜர், ஜிஎஸ்டி லெட்ஜர், வருமான வரி கட்டிய சலான். பார்ட்டி வாரியாக பாக்கிப் பட்டியல், எத்தனை நாள் பாக்கி என்பதோடு. இந்தக் கடைசிப் பட்டியல் ஸ்டேட்மென்டுக்குத் தேவையில்லை, ஆனால் பேங்க் கேட்கும் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.

## 2. எது 'பணம்' என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கல்லாவில் உள்ளது, கரண்ட் அக்கவுண்டில் உள்ளது, மூன்று மாதத்துக்குள் முதிரும் டெபாசிட். அவ்வளவுதான். பேங்கில் மார்ஜினுக்காகப் பிடித்து வைத்திருக்கும் எஃப்.டி. பணமல்ல, அதை எடுத்துச் செலவு செய்ய முடியாது.

சி.சி. கணக்கைக் கடனாக, அதாவது நிதிப் பகுதியில் காட்டுங்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டேலியில் சி.சி. லெட்ஜரை `Bank Accounts` குரூப்பில் திறந்துவிட்டு, அதை மைனஸ் ரொக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் நம் கேஸில் வருடக் கடைசியில் ரொக்கம் 41 லட்சம் குறைந்ததாக வரும். தொழில் பணம் தின்றதும், அதைப் பேங்க் நிரப்பியதும் ஒரே எண்ணில் கலந்துவிடும், கடன் கொடுப்பவர் பிரித்துப் பார்க்க விரும்புவதே அந்த இரண்டையும்தான்.

## 3. வேலைத்தாள்: இரண்டு பேலன்ஸ் ஷீட்டின் வித்தியாசம்

எந்த முறைக்கும் இதுதான் அடித்தளம். ஒவ்வொரு வரிக்கும் தொடக்கம், முடிவு, வித்தியாசம் மூன்றையும் எழுதுங்கள். எல்லாம் லட்ச ரூபாயில்:

| | தொடக்கம் | முடிவு | வித்தியாசம் |
|---|---|---|---|
| மெஷின், மற்ற சொத்து | 110 | 117 | +7 |
| பார்ட்டி பாக்கி | 90 | 148 | +58 |
| சரக்கு (நூல், துணி, பீஸ்) | 60 | 85 | +25 |
| ஜிஎஸ்டி கிரெடிட் | 6 | 10 | +4 |
| ரொக்கம், கரண்ட் அக்கவுண்ட் | 4 | 5 | +1 |
| மொத்தம் | 270 | 365 | +95 |
| நூல் மில் பாக்கி | 50 | 72 | +22 |
| நிட்டிங், டையிங் பாக்கி | 14 | 17 | +3 |
| கொடுக்க வேண்டிய சம்பளம் | 5 | 6 | +1 |
| கட்ட வேண்டிய வருமான வரி | 3 | 4 | +1 |
| டெர்ம் லோன் | 40 | 48 | +8 |
| சி.சி. | 70 | 112 | +42 |
| முதலாளிகள் கேபிடல் | 88 | 106 | +18 |
| மொத்தம் | 270 | 365 | +95 |

லாப நட்டக் கணக்கு: விற்பனை 600, பழைய தையல் மெஷின் விற்ற லாபம் 2. செலவில் மூலப்பொருள் 305, நிட்டிங், டையிங் கூலி 96, சம்பளம் 84, மின்சாரம், வாடகை, இதரம் 47, தேய்மானம் 15, வட்டி 15. வரிக்கு முன் லாபம் 40. வருமான வரி 12, மிச்சம் 28.

இப்போது மூன்று வரிகளைப் பிரிக்க வேண்டும். மெஷின் 7 ஏறியிருக்கிறது என்று 7-ஐ எடுத்துப் போடக்கூடாது. 26 லட்சத்துக்குப் புது மெஷின் வாங்கினார்கள், புத்தக மதிப்பு 4 உள்ள பழையது போனது, தேய்மானம் 15 போனது: 26 − 4 − 15 = 7. டெர்ம் லோன் 8 ஏறியது என்பது புதிதாக 20 வாங்கி 12 கட்டியது. கேபிடல் 18 ஏறியது என்பது லாபம் 28, முதலாளிகள் வீட்டுக்கு எடுத்தது 10. வித்தியாசத்தை அப்படியே போட்டாலும் கடைசி எண் சரியாகத்தான் வரும், தப்பு வெளியே தெரியாது. ஆனால் 12 லட்சம் தவணை கட்டிய விஷயமே அறிக்கையில் காணாமல் போயிருக்கும்.

## 4. மறைமுக முறை: லாபத்திலிருந்து பணத்துக்கு

வரிக்கு முன் லாபத்தில் ஆரம்பியுங்கள். முதலில் பணம் சம்பந்தப்படாதவையும், வேறு பகுதிக்குப் போக வேண்டியவையும் நீங்கட்டும். தேய்மானம் பணமாகப் போகவில்லை, கூட்டுங்கள். மெஷின் விற்ற லாபம் 2 முதலீட்டுப் பகுதியில் முழு விலை 6-க்குள் வரப்போகிறது, இங்கே கழியுங்கள். வட்டி நிதிப் பகுதிக்குப் போகிறது (கணக்கு நெறி ஏஎஸ் 3 சாதாரணக் கம்பெனிகளுக்கு அப்படித்தான் சொல்கிறது), அதனால் இங்கே திரும்பக் கூட்டுங்கள்.

| | |
|---|---|
| வரிக்கு முன் லாபம் | 40 |
| தேய்மானம் | +15 |
| மெஷின் விற்ற லாபம் | −2 |
| வட்டி | +15 |
| நடைமுறை மூலதன மாற்றத்துக்கு முன் | 68 |
| பார்ட்டி பாக்கி ஏறியது | −58 |
| சரக்கு ஏறியது | −25 |
| ஜிஎஸ்டி கிரெடிட் ஏறியது | −4 |
| நூல் மில் பாக்கி ஏறியது | +22 |
| நிட்டிங், டையிங் பாக்கி ஏறியது | +3 |
| சம்பள பாக்கி ஏறியது | +1 |
| தொழிலில் உண்டான பணம் | 7 |
| கட்டிய வருமான வரி | −11 |
| தொழிலிலிருந்து நிகரப் பணம் | −4 |

குறி போடுவதில் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒவ்வொரு வரியிலும் 'இதனால் என் பணம் அடுத்தவனிடம் நிற்கிறதா, அடுத்தவன் பணம் என்னிடம் நிற்கிறதா' என்று கேளுங்கள். பார்ட்டியிடம் 58 கூடுதலாக நிற்கிறது, கழியுங்கள். மில்காரர் பணம் 22 நம்மிடம் கூடுதலாக நிற்கிறது, கூட்டுங்கள். பற்று, வரவு என்று மனப்பாடம் செய்தவர்கள் அவசரத்தில் மாற்றிப் போடுகிறார்கள், இப்படிக் கேட்டுப் போடுகிறவர்கள் அதிகம் தவறுவதில்லை.

வருமான வரியில் ஒரு கவனம்: 12 என்பது இந்த வருடத்துக்கான வரி, கட்டியது 3 + 12 − 4 = 11. டிடிஎஸ் பிடித்திருந்தால் அதுவும் கட்டிய வரிதான்.

## 5. நேரடி முறை: ஒவ்வொரு வரியையும் பணமாக மாற்றுவது

இங்கே லாபத்தைத் தொடவே மாட்டோம். லாப நட்டக் கணக்கின் ஒவ்வொரு வரியையும் அதோடு சேர்ந்த பேலன்ஸ் ஷீட் வரியோடு ஜோடி சேர்த்து, உண்மையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கண்டுபிடிக்கிறோம்.

ஆரம்பத்திலேயே ஜிஎஸ்டியை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். லாப நட்டக் கணக்கில் விற்பனை ஜிஎஸ்டி இல்லாமல் 600 என்று இருக்கும், ஆனால் பார்ட்டி லெட்ஜரில் பில் தொகை ஜிஎஸ்டியோடு ஏறியிருக்கும். இதைக் கவனிக்காமல் 600 + 90 − 148 = 542 என்று போட்டால் வசூல் 30 லட்சம் குறைந்துவிடும். அப்புறம் ராத்திரி பதினோரு மணி வரை எந்த வரியில் தப்பு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். புதியவர்கள் நேரடி முறையைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வசூல். விற்பனை 600, ஜிஎஸ்டி 5% 30, தொடக்க பாக்கி 90, கழிவு முடிவு பாக்கி 148. வந்தது 572. வாராக்கடன், ரிட்டர்ன், டிஸ்கவுண்ட் எழுதியிருந்தால் அவற்றையும் கழிக்க வேண்டும், இங்கே இல்லை.

நூல் மில்களுக்கு. லாப நட்டக் கணக்கில் உள்ள 305 என்பது பயன்படுத்தியது. பணம் கொடுப்பது வாங்கியதற்கு. சரக்கு 25 ஏறியிருப்பதால் வாங்கியது 330. ஜிஎஸ்டி 16.5, தொடக்க பாக்கி 50, கழிவு முடிவு பாக்கி 72. போனது 324.5.

நிட்டிங், டையிங். 96, ஜிஎஸ்டி 4.8, கூட்டல் 14, கழித்தல் 17. போனது 97.8.

சம்பளம். 84 + 5 − 6 = 83. இங்கே பெரும்பாலும் சனிக்கிழமை வாரச் சம்பளம் என்பதால் பாக்கி சிறிதாகத்தான் இருக்கும். ஒரு கம்பெனியில் சம்பள பாக்கி திடீரென்று பெருத்திருந்தால் அதை ஸ்டேட்மென்ட் போடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

மின்சாரம், வாடகை, இதரம். 47, இவற்றின் பில்லில் இருந்த ஜிஎஸ்டி 2.7. போனது 49.7.

அரசுக்கு ஜிஎஸ்டி. விற்பனையில் வாங்கியது 30, நாம் பில்லில் கொடுத்தது 16.5 + 4.8 + 2.7 = 24. கட்ட வேண்டியது 6. ஆனால் கிரெடிட் 6-லிருந்து 10-க்கு ஏறியிருக்கிறது, அதாவது நூல் விற்றவர் ரிட்டர்ன் போடாததால் GSTR-2B-யில் வராத கிரெடிட் 4 லட்சம் நிற்கிறது, அதற்குப் பணமாகக் கட்டியிருக்கிறார்கள். கட்டியது 10. (மெஷின் வாங்கி விற்றதில் வரும் ஜிஎஸ்டியைப் புரிதலுக்காக இங்கே ஒதுக்கி வைத்திருக்கிறேன், உங்கள் கணக்கில் அதையும் சேர்த்தால்தான் டேலி ஆகும்.)

| | |
|---|---|
| பார்ட்டிகளிடம் வசூல் | 572.0 |
| நூல் மில்களுக்கு | −324.5 |
| நிட்டிங், டையிங் | −97.8 |
| சம்பளம் | −83.0 |
| மின்சாரம், வாடகை, இதரம் | −49.7 |
| அரசுக்கு ஜிஎஸ்டி | −10.0 |
| தொழிலில் உண்டான பணம் | 7.0 |
| கட்டிய வருமான வரி | −11.0 |
| தொழிலிலிருந்து நிகரப் பணம் | −4.0 |

இரண்டு முறையிலும் 7, இரண்டிலும் −4. ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். வித்தியாசத் தொகையைப் பார்த்தே எங்கே தப்பு என்று ஓரளவு சொல்லிவிடலாம்: சரியாக 25 என்றால் சரக்கு மாற்றத்தை மறந்து 305-லிருந்து ஆரம்பித்திருப்பீர்கள், 2 என்றால் மெஷின் லாபம், ஏதோ ஒரு வரியின் சரியான இரண்டு மடங்கு என்றால் குறி மாறியிருக்கிறது.

## 6. மீதி இரண்டு பகுதிகள்

முதலீடும் நிதியும் இரண்டு முறையிலும் ஒன்றுதான். முதலீடு: மெஷின் வாங்கியது −26, பழையது விற்றது +6, ஆக −20. நிதி: டெர்ம் லோன் +20, தவணை −12, சி.சி. ஏறியது +42, வட்டி −15, முதலாளிகள் எடுத்தது −10, ஆக +25.

−4 − 20 + 25 = +1. ரொக்கம் 4-லிருந்து 5. முடிந்தது.

இந்த +1-ஐ மட்டும் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அந்த முதலாளியின் கேள்விக்குப் பதில் இப்போது ஒரே வரியில் சொல்லலாம்: தொழில் கொடுத்தது ஒன்றுமில்லை, மெஷினுக்குக் கைப்பணமாகப் போட்ட பங்கு, தவணை, வட்டி, வீட்டுச் செலவு எல்லாமே சி.சி.யிலிருந்துதான் போயிருக்கிறது.

மெஷின் லோனில் பேங்க் பெரும்பாலும் டீலர் கணக்குக்கே பணம் அனுப்பிவிடும். அதனால் நம் சி.சி. ஸ்டேட்மென்டில் 20-ஐத் தேடினால் கிடைக்காது. இரு பக்கமும் காட்டுவதா, குறிப்பில் மட்டும் சொல்வதா என்று ஆடிட்டரோடு பேசி ஒரு வழியைப் பிடித்து, வருடா வருடம் அதையே பின்பற்றுங்கள்.

## 7. பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒட்டிப் பாருங்கள்

இந்தப் படியைப் பலர் செய்வதில்லை. நேரடி முறையில் நாம் கண்டுபிடித்த 572 என்பதும் அதே லெட்ஜர்களிலிருந்து பிழிந்து எடுத்ததுதான், மறைமுக முறைக்குப் போன அதே தகவல். புத்தகத்தில் பொய் இருந்தால் இரண்டிலும் அதே பொய் இருக்கும், இரண்டும் அழகாக ஒத்துப்போகும். வெளியிலிருந்து வரும் சாட்சி பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும்தான்.

நம் கேஸில் சி.சி. கணக்கின் வருட வரவு மொத்தம் 635 லட்சம். ஜிஎஸ்டியோடு விற்பனை 630. முதலாளி இதைப் பார்த்துவிட்டு, "பாருங்க, வித்ததெல்லாம் அக்கவுண்டுக்கு வந்துருச்சு" என்றார். எனக்கும் முதல் பார்வையில் அப்படித்தான் இருந்தது. அப்படியானால் 58 லட்சம் பாக்கி எப்படி ஏறும்?

ஒவ்வொரு வரவாக மார்க் செய்தோம், ஒரு முழு நாள் ஆனது. பார்ட்டி பணம் 572. பழைய மெஷின் விற்றது 6. செக் ரிட்டர்ன் ஆகித் திரும்பப் பற்று வைக்கப்பட்டவை 17. சொந்தக்காரரிடம் கைமாற்றாக வாங்கிப் போட்டு, சில வாரங்களில் திருப்பிக் கொடுத்தது, பல தடவையாக மொத்தம் 40. கூட்டினால் 635.

அந்த 40 வருடக் கடைசியில் பாக்கி இல்லாததால் பேலன்ஸ் ஷீட்டில் தடமே இல்லை. பேலன்ஸ் ஷீட் வித்தியாசத்தை மட்டும் வைத்துப் போட்டால் அது ஒருநாளும் தெரியாது. நிதிப் பகுதியில் வாங்கியது 40, கொடுத்தது 40 என்று இரண்டு வரியாகக் காட்டினோம். நிகரம் பூஜ்யம்தான், ஆனாலும் காட்டச் சொன்னேன். பேங்க் தானாகக் கண்டுபிடித்தால் மறைத்ததாக நினைக்கும், நாமே காட்டினால் பருவத்துக்குப் பணம் போதவில்லை என்று பேச முடியும்.

## 8. கடன் கொடுப்பவர் எதில் எதைப் படிக்கிறார்

மறைமுக முறையில் அவர் கண் முதலில் 68-க்கும் 7-க்கும் நடுவே நிற்கும். தொழில் சம்பாதிக்கிறது, ஆனால் 61 லட்சம் நடுவில் சிக்கிக்கொண்டிருக்கிறது, அதில் பார்ட்டி பாக்கி மட்டும் 58. போன வருட விற்பனை ஜிஎஸ்டியோடு 588, பாக்கி 90, அதாவது சுமார் 56 நாள் வியாபாரம் வெளியே நின்றது. இந்த வருடம் 630-க்கு 148, சுமார் 86 நாள். விற்பனை 7% ஏற, பாக்கி 64% ஏறியிருக்கிறது. வளர்ச்சியால் வந்த பாக்கி அல்ல இது, கடனுக்கு விற்று வந்த வளர்ச்சி. இந்தக் கணிப்புக்கு நேரடி முறை உதவாது, ஏனென்றால் அதில் லாபமே இல்லை, 572 குறைவா அதிகமா என்று எதோடு ஒப்பிடுவது?

நேரடி முறை சொல்வது வேறு. வசூலான 100 ரூபாயில் சுமார் 57 நூலுக்கு, 17 நிட்டிங், டையிங்குக்கு, பதினாலரை சம்பளத்துக்கு, ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு மின்சாரம், வாடகைக்கு, இரு வரிகளுக்கும் சேர்த்து மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். கூட்டினால் நூறைத் தாண்டிவிடுகிறது. வட்டி 15, தவணை 12, ஆக 27 லட்சத்துக்கு அந்த நூறில் இடமே இல்லை.

வட்டியையும் தவணையையும் சம்பாத்தியம் எத்தனை மடங்கு தாங்கும் என்று பேங்க் பார்க்கும் வழக்கமான டிஎஸ்சிஆர் கணக்கோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாபம் 28, தேய்மானம் 15, வட்டி 15, மொத்தம் 58. எல்லா வட்டியையும் சேர்த்து 27-ஆல் வகுத்தாலும் 2-க்கு மேல் வருகிறது. அந்த விகிதப்படி இவர் நல்ல கடனாளி. அதே வருடத்தில் தொழிலிலிருந்து வந்த பணம் மைனஸ். விகிதம் பொய் சொல்லவில்லை, அது லாபம் பணமாக வந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறது, இங்கே வரவில்லை.

இன்னொன்று நூல் மில் பாக்கி +22. மறைமுக முறையில் அது பணத்தைக் கூட்டிக் காட்டும் வரி. வருட நேரடி அறிக்கையிலும் 324.5 என்ற ஒரே எண்ணுக்குள் மறைந்துவிடும். ஆனால் நேரடி முறையை அடுத்த ஏப்ரல் வரை மாதம் மாதமாகப் போட்டால் தெரிந்துவிடுகிறது: மாதம் சராசரி 27 லட்சம் மில்லுக்குப் போன இடத்தில் பிப்ரவரியில் 20, மார்ச்சில் 11 மட்டும் போயிருக்கிறது, ஏப்ரலில் ஒரே மாதத்தில் 49. மார்ச் 31-ஐத் தாண்டுவதற்காகப் பிடித்து வைத்த பணம். அந்த 22-ஐ எடுத்துவிட்டால் −4 என்பது −26.

இதே பாக்கி ட்ராயிங் பவரையும், அதாவது லிமிட்டுக்குள் உண்மையில் எடுக்க முடிகிற தொகையையும் பாதிக்கும். சரக்கு 85 என்றாலும் மில்லுக்கு 72 கொடுக்க வேண்டியிருப்பதால் நம் பணம் போட்ட சரக்கு 13 மட்டும்தான். பார்ட்டி பாக்கி 148-இல் 90 நாள் தாண்டியது 38, அது கணக்கில் வராது, மிச்சம் 110. இரண்டுக்கும் 25% மார்ஜின் என்று வைத்தால் (பேங்குக்கு பேங்க் மாறும்) ட்ராயிங் பவர் சுமார் 92 லட்சம்தான், லிமிட் 120 ஆக இருந்தாலும். சி.சி. நிற்பது 112-இல். மாத ஸ்டாக் ஸ்டேட்மென்டில் மில் பாக்கியைக் கழிக்காமல், பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்ததால் இது யாருக்கும் தெரியவில்லை.

## 9. பேங்குக்கு எதை, எந்த வரிசையில் கொடுப்பது

ஏஎஸ் 3 இரண்டு முறையையும் அனுமதிக்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் செபி விதிப்படி மறைமுக முறையில்தான் கொடுக்க வேண்டும், அதனால் நீங்கள் பார்க்கும் மாதிரிகள் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். நம்மைப் போன்ற ஃபர்முக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நான் செய்வது இது. ஆடிட் ஆன கணக்கோடு மறைமுக முறையில் வருட அறிக்கை. அதன் பின்னால் நேரடி முறையில் பன்னிரண்டு மாதமும் அடுத்த ஏப்ரலும் தனித்தனிப் பத்தியாக, பேங்க் வரவோடு ஒட்டிய தாளோடு. கடைசியில் பார்ட்டி வாரியான பாக்கி, நாள் கணக்கோடு. வேலை வரிசையில் மறைமுக முறையை முதலில் முடிப்பது முக்கியம், ஏனென்றால் அது சீக்கிரம் முடியும், அதன் கடைசி எண் நேரடி முறைக்குச் சரிபார்க்கும் கல்லாக நிற்கும். நேரடி முறையிலிருந்து ஆரம்பித்தவர்கள் தப்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றித் திருத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

மாத அறிக்கையில் ஒரு எச்சரிக்கை. தீபாவளி போனஸ் மாதம் எப்போதும் மைனஸ் ஆகத்தான் இருக்கும். அதை மட்டும் பார்த்துப் பயந்து போனஸைப் பன்னிரண்டாகப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். பணம் போன மாதத்தில்தான் அது நிற்க வேண்டும். லிமிட் எந்த மாதத்தில் தேவைப்படுகிறது என்று பேங்குக்குக் காட்டுவதே அந்த மாதம்தான்.

அந்த முதலாளி லிமிட்டை 120-லிருந்து 160 ஆக்கக் கேட்டிருந்தார். இரண்டு அறிக்கையையும் வைத்துக்கொண்டு மேனேஜர் முன் உட்கார்ந்தோம். அவர் மறைமுக அறிக்கையில் −58-ஐ வட்டமிட்டார், மாத அறிக்கையில் ஏப்ரல் 49-ஐ வட்டமிட்டார், பாக்கிப் பட்டியலில் 90 நாள் தாண்டிய 38-ஐப் பார்த்தார். அதில் 31 லட்சம் வெளி மாநில பார்ட்டிகள் இரண்டு பேர் மட்டும். "லிமிட்டை அப்புறம் பேசலாங்க, இந்த ரெண்டு பேருகிட்ட இருந்து என்னைக்கு வருதுன்னு தேதி போட்டுக் கொடுங்க" என்றார். வெளியே வந்ததும் முதலாளி முதல் வேலையாக அந்த இருவருக்கும் புதுச் சரக்கு அனுப்புவதை நிறுத்தினார். ஆறு மாதத்தில் 31-இல் 24 வந்தது, 160 கேட்கவே இல்லை.